கானலுக்கு லென்ஸ் மேல் என்ன கோபம்?

வெயில் ஏறினால் இந்தப் பகுதிக்கு வரும் கேள்விகளும் ஏறும். "லென்ஸ் சாஃப்ட்டாக இருக்கிறது, சர்வீஸுக்கு அனுப்பலாமா?" என்று பாதிப் பேர் கேட்டிருக்கிறார்கள். மீதிப் பேர் அனுப்பிவிட்டு, "ஒரு குறையும் இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்களே!" என்று புலம்பியிருக்கிறார்கள். அதனால் இந்த முறை முழுக்க கானல்தான்.

கேள்வி: தவணையில் 600 மி.மீ. லென்ஸ் வாங்கினேன். கோடியக்கரைச் சேற்றுப் பரப்பில் பூநாரைகள் 250 மீட்டர் தூரத்தில் நின்றன. பகல் 11 மணி, நல்ல வெளிச்சம். வீட்டில் பெரிதாக்கிப் பார்த்தால் கண்ணும் இல்லை, இறகும் இல்லை, இளஞ்சிவப்பில் ஏதோ ஒரு பொதி. லென்ஸ் பழுதா?
*– தவணை பாக்கி உள்ளவர், நாகப்பட்டினம்*

பதில்: பகல் 11 மணி, 250 மீட்டர், சேற்றுப் பரப்பு என்று நீங்களே எழுதிவிட்டீர்கள். லென்ஸ் நிரபராதி. தவணையைத் தொடர்ந்து கட்டலாம்.

சூடான காற்றும் குளிர்ந்த காற்றும் ஒளியை ஒரே அளவில் வளைப்பதில்லை. ஒரு டிகிரி வித்தியாசத்துக்குக் காற்றின் ஒளிவிலகல் எண் பத்து லட்சத்தில் ஒரு பங்கு அளவே மாறுகிறது. கேட்கச் சிரிப்பாக இருக்கும். ஆனால் சுட்டுக் கிடக்கும் தரையிலிருந்து வெவ்வேறு சூட்டில் கிளம்பும் காற்றுத் திட்டுகள், பறவைக்கும் உங்களுக்கும் நடுவே 250 மீட்டருக்கு வரிசை கட்டி நிற்கின்றன. ஒவ்வொன்றும் ஒளியைத் துளித்துளியாகத் தள்ளிவிடுகிறது. லென்ஸுக்குள் வந்து சேரும்போது கண்ணிலிருந்து கிளம்பிய ஒளி ஒரு புள்ளியில் கூடாமல் சிதறிப்போய் விழுகிறது.

உங்களுடையது 24 மெகாபிக்சல் ஃபுல் ஃபிரேம் கேமரா என்று வைத்துக்கொள்வோம். 250 மீட்டரில் ஒரு பிக்சல், பறவையின் மேல் சுமார் இரண்டரை மில்லிமீட்டரை அளக்கும். காற்று ஓரளவு கொதிக்கும் நேரத்தில் அது உண்டாக்கும் மங்கல் மட்டுமே ஆறு மில்லிமீட்டர் வரை போகும். உச்சிவெயிலில் இரண்டு சென்டிமீட்டரைத் தாண்டும். பூநாரையின் கண்ணே அதைவிடச் சிறியது. அப்புறம் கண் எங்கிருந்து தெரியும்?

இதில் மனதில் வைக்க வேண்டிய கணக்கு ஒன்றுதான். தூரம் இரட்டித்தால் பறவையின் மேல் விழும் மங்கல் இரண்டு மடங்கு ஆவதில்லை, மூன்று மடங்காகிறது. திருப்பிப் போட்டால், தூரத்தைப் பாதியாகக் குறைத்தால் மங்கல் மூன்றில் ஒன்றாகிவிடும். 250 மீட்டரை 100 மீட்டராக்கினால் நான்கில் ஒன்றுக்கும் கீழே இறங்கும். இந்த வித்தியாசத்தை எந்தக் கடையிலும் விலைக்கு வாங்க முடியாது.

அதற்காகச் சேற்றில் இறங்கிப் பறவையை நோக்கி நடக்காதீர்கள். மொத்தக் கூட்டமும் பறந்துவிடும், வனத்துறையும் சும்மா இருக்காது. முந்தின நாளே பறவைகள் எந்தப் பக்கம் மேய்கின்றன என்று பார்த்து வையுங்கள். அனுமதி உள்ள இடமாகப் பார்த்து விடிவதற்கு முன்பே போய் உட்கார்ந்து, அவை உங்களை நோக்கி மேய்ந்து வரும்வரை காத்திருங்கள்.

கேள்வி: சரி, கானல் என்று எப்படித் தெரியும்? என் கை நடுங்கியிருக்கலாம், ஃபோகஸ் தவறியிருக்கலாம், லென்ஸே மோசமாக இருக்கலாம். எல்லாமே மங்கல்தானே?
*– சந்தேகப் பேர்வழி, தஞ்சாவூர்*

பதில்: மங்கலிலும் சாதி உண்டு. படத்தை 100 சதவீதத்துக்குப் பெரிதாக்கிப் பாருங்கள். ஃபோகஸ் தவறியிருந்தால், பறவைக்கு முன்னாலோ பின்னாலோ ஏதாவது ஒரு புல் கூர்மையாக இருக்கும். கை நடுங்கியிருந்தால், ஒளிப்புள்ளிகள் எல்லாம் ஒரே திசையில் ஒரே நீளத்துக்கு இழுபட்டிருக்கும். கானலுக்கு அந்த ஒழுங்கே கிடையாது. கழுத்து ஓரளவு தெளிவு, கால் கலங்கல், பக்கத்துப் பறவையின் அலகு இரட்டையாகத் தெரியும். மின்கம்பமோ வேலிக்கம்பியோ படத்தில் இருந்தால் அதன் ஓரம் நெளியும். பின்னணி மங்கல்கூட வழுவழுப்பாக இல்லாமல் பிசிறடித்தாற்போல் இருக்கும்.

இன்னும் உறுதி வேண்டுமா? ட்ரைபாட்டில் வைத்து, அசையாத பொருள் ஒன்றை 1/2000 வினாடியில் 20 படம் தொடர்ச்சியாக எடுங்கள். படத்துக்குப் படம் கூர்மை மாறினால், அதுவும் படத்தின் வெவ்வேறு இடங்களில் மாறினால், குற்றவாளி காற்று. இருபதும் ஒரேமாதிரி மங்கலாக இருந்தால், அப்போது லென்ஸையோ ஃபோகஸையோ சந்தேகப்படலாம். லென்ஸைச் சோதிப்பதென்றால் 20 மீட்டர் தூரத்தில், நிழலில், காலை வேளையில் சோதியுங்கள். மதியம் மொட்டை மாடியிலிருந்து அரை கிலோமீட்டர் தள்ளி இருக்கும் செல்போன் டவரை எடுத்து லென்ஸுக்கு மதிப்பெண் போடுகிறவர்கள் காற்றுக்குத்தான் மதிப்பெண் போடுகிறார்கள்.

எடுப்பதற்கு முன்பே பார்க்கவும் வழியிருக்கிறது. லைவ் வியூவில் பத்து மடங்கு பெரிதாக்கிப் பத்து வினாடி சும்மா பாருங்கள். பிம்பம் கொதிக்கிறதா என்று அங்கேயே தெரிந்துவிடும். கொதித்தால் 2,000 படம் எடுத்து மெமரி கார்டை நிரப்ப வேண்டாம்.

கேள்வி: யூவி ஃபில்டர், போலரைசர், எடிட்டிங்கில் 'டீஹேஸ்'. மூன்றில் எது உதவும்?
*– ஷாப்பிங் பிரியர், கோவை*

பதில்: மூன்றும் உதவாது. 'டீஹேஸ்' சமாளிப்பது புகைமூட்டத்தை, அதாவது காற்றில் மிதக்கும் தூசியும் ஈரமும் படத்தை வெளிறவைக்கும் கோளாறை. கானல் படத்தை வெளிற வைப்பதில்லை, கலைத்துவிடுகிறது. கலைந்ததன் கான்ட்ராஸ்ட்டைக் கூட்டினால், கலைந்தது நன்றாகத் தெரியும்.

கேள்வி: காருக்குள் ஏசி போட்டு உட்கார்ந்து, கண்ணாடியை இறக்கி, ஜன்னலில் பீன் பேக் வைத்துத்தான் எடுப்பேன். பறவைக்கும் பயமில்லை, எனக்கும் வேர்வையில்லை. ஆனால் 40 மீட்டரில் நிற்கும் உள்ளான்கூட மங்கல். 40 மீட்டரில் என்ன கானல்?
*– குளுகுளு வாசகர், சென்னை*

பதில்: கானல் 40 மீட்டரில் இல்லை. உங்கள் மூக்குக்கு முன்னால் அரை மீட்டரில் இருக்கிறது.

ஒரு சோதனை செய்து பாருங்கள். செய்தித்தாள் மேல் ஒரு ட்ரேஸிங் பேப்பரை ஒட்டினாற்போல் வைத்தால் எழுத்தைப் படித்துவிடலாம். அதே பேப்பரைச் செய்தித்தாளிலிருந்து விலக்கிக் கண்ணருகே கொண்டுவாருங்கள், ஒரு எழுத்தும் தெரியாது. கலங்கிய காற்றும் அப்படியே. பறவைக்குப் பக்கத்தில் கொதிக்கும் காற்று அவ்வளவு கெடுக்காது. லென்ஸுக்கு முன்னால் கொதிக்கும் காற்றுதான் அதிகம் கெடுக்கும், ஏனென்றால் அங்கே விலகிய ஒளி மீதித் தூரம் முழுக்க விலகிய திசையிலேயே வந்ததுபோல் ஆகிவிடுகிறது.

உங்கள் கார் ஜன்னலில் என்ன நடக்கிறது என்று யோசியுங்கள். உள்ளேயிருந்து ஏசி காற்று வழிகிறது, வெளியே 36 டிகிரி. இரண்டும் லென்ஸ் வாயிலேயே மோதிச் சுழல்கின்றன. வெயிலில் காய்ந்த கதவுத் தகட்டிலிருந்து இன்னொரு சூடு எழுகிறது. முன்பக்கமாகத் திருப்பி எடுத்தால் பானெட் சூடும் சேரும். பறவை 40 மீட்டரில் நின்றால் என்ன, 14 மீட்டரில் நின்றால் என்ன!

செய்ய வேண்டியது: இடத்துக்குப் போனதும் எஞ்சினையும் ஏசியையும் நிறுத்துங்கள். எதிரெதிர்ப் பக்கம் இரண்டு கண்ணாடிகளையும் இறக்கி, உள்ளேயும் வெளியேயும் ஒரே சூடு ஆகும்வரை விடுங்கள். கால் மணி நேரமாவது ஆகும். காரை நிழலில் நிறுத்த முடிந்தால் இன்னும் நல்லது. பானெட் மேலாக எடுக்கவே எடுக்காதீர்கள். வேர்க்கும். உள்ளான் தெளிவாக வரும்.

கேள்வி: லென்ஸ் ஹூட்டைக் கழற்றினால் கானல் குறையும் என்று நண்பர் சொல்கிறார். கதை விடுகிறாரா?
*– நம்ப மறுப்பவர், திருநெல்வேலி*

பதில்: பாதி உண்மை. பெரிய லென்ஸ்களின் ஹூட் நீளமாகக் கூண்டுபோல் இருக்கும். லென்ஸ் சூடாகவும் வெளிக்காற்று குளிராகவும் இருந்தால், அந்தக் கூண்டுக்குள் சூடான காற்று சிக்கிச் சுழலும். இது மேலே சொன்ன 'மூக்குக்கு முன்னால்' வகைதான், அதனால் சேதம் அதிகம். வெயிலில் நின்ற டிக்கியிலிருந்து லென்ஸை எடுத்த உடனே முதல் அரை மணி நேரப் படங்கள் மட்டும் சொதப்பினால் இதைச் சந்தேகிக்கலாம். ஹூட்டைக் கழற்றி, லென்ஸை நிழலில் வைத்து ஆறவிடுங்கள். ஆறிய பிறகு ஹூட்டைத் திரும்ப மாட்டிக்கொள்ளலாம். கறுப்பு லென்ஸ் வைத்திருப்பவர்கள் மேலே ஒரு வெள்ளைத் துண்டைப் போட்டு வைத்தால் அது மறுபடி சுட்டுப் போகாது.

ஏசி அறையிலிருந்து கடற்கரைக்குக் கொண்டுவந்த லென்ஸ் வேறு வழக்கு. அதன் கண்ணாடியில் நீர்த்துளி படிந்து மூடிக்கொள்ளும். அது கானல் அல்ல. பையை மூடியபடியே வெளிச்சூட்டுக்குப் பழகவிட்டால் போதும்.

கேள்வி: பறவையின் கண் மட்டத்துக்குப் படுத்து எடுத்தால்தான் படம் என்று எல்லா ஒர்க்‌ஷாப்பிலும் சொல்கிறார்கள். படுத்தேன். சட்டை போனது, படமும் போனது.
*– சேற்றில் புரண்டவர், கடலூர்*

பதில்: ஒர்க்‌ஷாப் நடத்தியவர் காலை 7 மணிக்குப் படுத்திருப்பார். நீங்கள் 10 மணிக்குப் படுத்தீர்கள்.

கொதிப்பு தரைக்கு அருகில்தான் உச்சம். ஒரு மீட்டர் ஏறினாலே வேகமாகக் குறையும். ஒளி வரும் பாதை முழுவதும் ஒரே உயரம் என்று வைத்துக் கணக்குப் போட்டால், அரை மீட்டரிலிருந்து இரண்டு மீட்டருக்கு ஏறினால் மங்கல் ஏறக்குறைய மூன்றில் ஒன்றாகிவிடும். அதாவது தூரத்தைப் பாதியாகக் குறைத்த பலன், எழுந்து நின்றதிலேயே கிடைத்துவிடுகிறது! பறவை தரையில்தான் நிற்கிறது, அந்த முனையை உங்களால் உயர்த்த முடியாது. ஆனால் கெடுதலில் பெரும்பங்கு உங்கள் முனையில்தான் என்று மேலே பார்த்தோமே. அதனால் உங்கள் பக்கத்தை மட்டும் உயர்த்தினாலே பலன் தெரியும்.

ஆக, கண் மட்டம் காலையில். வெயில் ஏறிய பிறகு ட்ரைபாட்டின் முழு உயரம், கரைமேடு, காட்சிக் கோபுரம். தூரம் கொஞ்சம் கூடினாலும் கோபுரமே மேல் என்ற நிலைமைகூட வரும்.

எதற்கு மேலாகப் பார்க்கிறீர்கள் என்பதும் அதே அளவு முக்கியம். பள்ளிக்கரணையின் நடுவே ஓடும் 200 அடி சாலையில் நின்று எடுப்பவர்களைக் கவனியுங்கள். சிலர் சாலையின் ஒரு பக்கத்தில் நின்று, தார் முழுவதையும் தாண்டி எதிர்ப்பக்கச் சதுப்பை எடுப்பார்கள். சாலையைக் கடந்து அந்த ஓரத்துக்கே போய் நின்றால், லென்ஸுக்குக் கீழே தாருக்குப் பதில் நாணலும் தண்ணீரும் இருக்கும். பகலில் தண்ணீர்ப் பரப்பும் ஈரமான பசும்புல்லும் தரையைவிடக் குளிர்ச்சி. தார், கான்கிரீட், காய்ந்த மணல் மூன்றும் எதிரிகள். சாலையைக் கடப்பதற்குச் சோம்பல்பட்டு, இரண்டாயிரம் ரூபாய்க்கு ஃபில்டர் வாங்கும் ஆட்கள் நாம்.

கேள்வி: எந்த நேரம் உத்தமம்? பஞ்சாங்கம்போல் சொல்லவும்.
*– ராகுகாலம் பார்ப்பவர், கும்பகோணம்*

பதில்: சூரியன் உதித்து ஒரு மணி நேரத்தை ஒட்டி ஒரு நல்ல நேரம், மறைவதற்குச் சுமார் ஒரு மணி நேரம் முன்னால் இன்னொன்று. இரவில் தரை காற்றைவிடக் குளிர்ந்து கிடக்கும். பகலில் காற்றைவிடச் சுட்டுக் கிடக்கும். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போது இரண்டும் ஒரே சூட்டில் வந்து நிற்கும் இடைவேளை இருக்கிறதே, அப்போது காற்றுக்குக் கொதிக்கக் காரணமே இல்லை. தெளிந்த வானம் என்றால் அந்த இடைவேளை சட்டென்று முடிந்துவிடும். மேகமூட்டமான நாளில் நீண்டுகொண்டே போகும்.

பகல் நடுவிலும் ஒரு உபநேரம் உண்டு. ஒற்றை மேகம் சூரியனை மறைத்தால் காய்ந்த மண்ணும் புல்லும் சில நிமிடங்களிலேயே சூடு இறங்கிவிடும், கொதிப்பும் அடங்கும். அந்த நிழல் நகர்வதற்குள் எடுத்துவிட வேண்டும். தார்ச் சாலைக்கு இந்தச் சலுகை கிடையாது. அது சூட்டைச் சேர்த்து வைத்துக்கொண்டு சாவகாசமாக விடும்.

கேள்வி: நீங்கள் சொன்ன காலை வேளையில்தான் போனேன். ஜனவரி, நல்ல பனி, ஆறரை மணி. அப்போதும் பிம்பம் ஆடியது!
*– ஸ்வெட்டர் போட்டவர், திருவாரூர்*

பதில்: தண்ணீருக்கு மேலாக எடுத்திருப்பீர்கள். மார்கழி, தை விடியலில் காற்று குளிர்ந்துவிடும், குளத்துத் தண்ணீர் முந்தின நாள் சூட்டை இன்னும் விடாமல் வைத்திருக்கும். தண்ணீரிலிருந்து ஆவி எழுவது கண்ணுக்கே தெரிகிற நாளில் கானலும் உண்டு. கொதிப்புக்கு வெயில் தேவையில்லை, வித்தியாசம் போதும். அந்த வேளையில் வயலுக்கு மேலாகப் பார்க்கும் திசையைத் தேர்ந்தெடுங்கள். பகலில் தண்ணீர் நண்பன், குளிர்ந்த விடியலில் அல்ல.

கேள்வி: ஷட்டர் வேகத்தை 1/4000 ஆக்கினால் கானல் உறைந்து நின்றுவிடுமா?
*– வேகப்பிரியர், ஓசூர்*

பதில்: உறையும். கலைந்த கோலத்திலேயே உறையும். ஆனால் அதிலும் ஒரு லாபம் இருக்கிறது.

மெதுவான ஷட்டரில் பல கலைவுகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கூடி வழித்துவிட்டாற்போல் ஆகும். வேகமான ஷட்டரில் ஒவ்வொரு படமும் ஒரு தனிக் கணம். அந்தக் கணங்களில் சில, தற்செயலாக, காற்று ஒழுங்காக அமைந்த கணங்கள். அவற்றைப் பொறுக்கி எடுப்பதுதான் வித்தை. வானியலாளர்கள் கோள்களைப் படமெடுப்பது இப்படித்தான்: ஆயிரக்கணக்கில் எடுத்து, நல்லதில் கொஞ்சம் வைத்துக்கொண்டு மற்றதைத் தூக்கிப் போடுவார்கள்.

இந்த அதிர்ஷ்டத்துக்கும் கணக்குப் போட்டவர் ஒருவர் இருக்கிறார், டேவிட் ஃப்ரைட், 1978-இல். அவர் பார்த்தது இரண்டு அளவுகளை. ஒன்று, லென்ஸின் திறப்பு எத்தனை சென்டிமீட்டர்? இரண்டு, காற்று ஒரு சீராக இருக்கும் திட்டு எத்தனை சென்டிமீட்டர்? திறப்பு திட்டைப்போல் ஐந்து மடங்கு இருந்தால் ஒன்பது படத்துக்கு ஒன்று தேறும். ஏழு மடங்கானால் 350 படத்துக்கு ஒன்று. பத்து மடங்கானால் பத்து லட்சத்துக்கு ஒன்று!

நாகப்பட்டினத்துக்காரரின் லென்ஸ் 600 மி.மீ., `f/6.3` என்று கொள்வோம். திறப்பு ஒன்பதரை சென்டிமீட்டர். மிதமான கானலில் திட்டு இரண்டு சென்டிமீட்டர் என்றால் ஆறு படத்துக்கு ஒன்று தேறும். 30 படம் தொடர்ச்சியாக எடுத்தால் நாலைந்து கையில் நிற்கும். வெயில் ஏறித் திட்டு ஒரு சென்டிமீட்டராகச் சுருங்கினால், பொழுது சாயும்வரை எடுத்தாலும் ஒன்றும் தேறாது. அப்போது அப்பர்ச்சரை `f/11` ஆக்கிப் பார்க்கலாம். திறப்பு ஐந்தரை சென்டிமீட்டராகக் குறைவதால் இருபதுக்கு ஒன்று என்று வாய்ப்பு திரும்பி வருகிறது. உச்சிவெயிலில் வெளிச்சத்துக்குப் பஞ்சமில்லை, ஐஎஸ்ஓவைக் கொஞ்சம் ஏற்றினால் ஷட்டர் 1/1600-க்குக் கீழே போகாது. இவை காகிதக் கணக்குகள்தான், களத்தில் காற்று நிமிடத்துக்கு நிமிடம் மாறும். ஆனாலும் பர்ஸ்ட் எப்போது பலன் தரும், எப்போது மூட்டை கட்டலாம் என்பதை இந்தக் கணக்குதான் சொல்லும்.

தேறிய படத்திலும் முழுப் பறவையும் தெளிவாக இருக்காது. தலைப்பக்கம் நன்றாக வந்த படத்தில் வால் கலங்கியிருக்கும். கண் தெளிந்த படத்தை வைத்துக்கொண்டு மற்றதை அழியுங்கள்.

ஃபோகஸ் பற்றியும் ஒரு வார்த்தை. கொதிக்கும் பிம்பத்தைத் துரத்தி ஆட்டோஃபோகஸ் முன்னும் பின்னும் அலையும். அசையாத பறவை என்றால் ஒருமுறை பிடித்துப் பூட்டிவிட்டு எடுங்கள். பத்துப் படத்துக்கு ஒருமுறை விட்டுப் பிடியுங்கள், முதல் பிடியே தவறாக இருந்திருக்கலாம்.

கேள்வி: 1.4 மடங்கு டெலிகன்வெர்ட்டர் போட்டால்?
*– இன்னும் பெரிதாக வேண்டுபவர், சேலம்*

பதில்: 1.4 மடங்கு கானல் கிடைக்கும்.

கேள்வி: வீடியோவில் இன்னும் மோசம். வெளிமான் நிற்கிறது, ஆனால் ஜெல்லிபோல் ஆடுகிறது. ஸ்லோ மோஷனில் எடுத்தால் நிதானமாக ஆடுகிறது. 1/2000 வைத்தும் பயனில்லை.
*– யூடியூப்காரர், மதுரை*

பதில்: படத்துக்குச் சொன்ன வைத்தியத்தை வீடியோவுக்குச் செய்யாதீர்கள். படத்தில் நல்ல ஒன்றைப் பொறுக்கலாம், வீடியோவில் வினாடிக்கு 25-ம் வேண்டும். 1/2000-இல் ஒவ்வொரு ஃபிரேமும் வெவ்வேறு விதமாகக் கலைந்து, ஓடவிட்டால் நடுக்கமாகத் தெரியும். 1/50-க்கு இறங்குங்கள். ஃபிரேமுக்குள்ளேயே கலைவுகள் கொஞ்சம் சராசரியாகி நடுக்கம் மிதப்படும். கூர்மை கொஞ்சம் போகும், ஆனால் ஓடும் படத்தில் மென்மையைக் கண் மன்னித்துவிடும், நெளிவை மன்னிக்காது. பகல் வெளிச்சத்தில் 1/50 வைக்க என்டி ஃபில்டர் தேவைப்படும். கோவை ஷாப்பிங் பிரியர் கேட்ட மூன்றுக்குப் பதிலாக இதை வாங்கலாம்.

எடிட்டிங்கில் ஸ்டெபிலைசரைப் போட்டு ஆட்டத்தை நிறுத்தப் பார்க்காதீர்கள். ஃபிரேமின் ஒவ்வொரு மூலையும் ஒவ்வொரு திசைக்கு ஆடும்போது அது எதைப் பிடித்து நிறுத்தும்? பல சமயம் புது ஆட்டம் ஒன்றைச் சேர்த்துவிடும்.

மான் அசையாமல் நின்று, கேமராவும் ட்ரைபாட்டில் அசையாமல் இருந்தால் ஒரு வழி உண்டு. அடுத்தடுத்த ஃபிரேம்களை ஒப்பிட்டு ஒவ்வொரு பிக்சலுக்கும் நடு மதிப்பை எடுத்துக்கொள்ளலாம். ffmpeg வைத்திருப்பவர்களுக்கு ஒரே வரி:

```
ffmpeg -i maan.mp4 -vf tmedian=radius=3 -c:a copy maan_out.mp4
```

`radius=3` என்றால் முன்னால் மூன்று, பின்னால் மூன்று, நடுவில் ஒன்று, ஆக ஏழு ஃபிரேம். ஓரங்களின் நெளிவு நன்றாக அடங்கும். ஆனால் மான் காதை ஆட்டினால் காது பாதி மறைந்துபோகும், பறக்கும் பூச்சி சுத்தமாகக் காணாமல் போகும். அசைவு உள்ள காட்சிக்கு இது ஆகாது. கட்டடம், கப்பல், கூட்டில் அடைகாக்கும் பறவை மாதிரியான காட்சிகளுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: பௌர்ணமி நிலாவை மொட்டை மாடியிலிருந்து எடுத்தேன். இரவு ஏழு மணி. நிலாவின் ஓரம் தண்ணீருக்குள் இருப்பதுபோல் நெளிகிறது. ராத்திரியில் ஏது கானல்?
*– நிலாப் பித்தர், ஈரோடு*

பதில்: பகல் முழுக்க வெயில் குடித்த கான்கிரீட் ராத்திரி ஏழு மணிக்கு அதை வெளியே விட்டுக்கொண்டிருக்கும். உங்கள் மாடி, அடுத்த வீட்டு மாடி, அதற்கடுத்த தகரக் கூரை என்று வரிசையாக அடுப்பு எரிகிறது. போதாததற்கு நிலா அப்போதுதான் கீழ்வானில் எழுந்திருக்கும். அடிவானத்தை ஒட்டிப் பார்க்கும்போது ஒளி கடந்து வரும் காற்றின் அளவு, தலைக்கு நேர் மேலே பார்ப்பதைப்போல் நாற்பது மடங்குக்குக் கொஞ்சம்தான் குறைவு. 30 டிகிரி ஏறிவிட்டால் அது இரண்டு மடங்காக இறங்கிவிடும். இரண்டரை மணி நேரம் காத்திருங்கள். பக்கத்து வீட்டு ஏசியின் வெளி யூனிட்டுக்கு மேலாக எடுக்காதீர்கள், அது நிலாவையே இஸ்திரி போட்டுவிடும். நூறு படம் எடுத்து AutoStakkert போன்ற இலவச மென்பொருளில் நல்லவற்றை அடுக்கினால் பள்ளங்கள் தெளிவாகும். நிலா பறந்துபோகாது என்பதால் உள்ளானுக்குக் கிடைக்காத வசதி இதற்கு உண்டு.

கேள்வி: விரட்டி விரட்டி ஒழிக்கச் சொல்கிறீர்களே, கானலையே அழகாக எடுக்க முடியாதா?
*– எதிர்க்கட்சி, புதுச்சேரி*

பதில்: தாராளமாக. 1962-இல் வந்த 'லாரன்ஸ் ஆஃப் அரேபியா'வில் ஒமர் ஷெரீஃப் ஒட்டகத்தில் வரும் காட்சியை ஒளிப்பதிவாளர் ஃப்ரெடி யங் இதற்காகவே 482 மி.மீ. லென்ஸ் வரவழைத்து எடுத்தார். ஜோர்டான் பாலைவனத்தில், அடிவானத்தில் ஒரு கறுப்புப் புள்ளி நெளிந்து நெளிந்து மனிதனாக மாறும்வரை கேமரா நகரவே நகராது.

நீங்களும் மேலே சொன்னதையெல்லாம் தலைகீழாகச் செய்யுங்கள். பகல் ஒரு மணி, நேரான தார்ச் சாலை, லென்ஸ் தரையிலிருந்து ஒரு சாண் உயரம், ஆள் அரை கிலோமீட்டருக்கு அப்பால். கறுப்பு உடையில் வரச் சொல்லுங்கள், வெளிர் பின்னணியில் உருவம் துண்டுதுண்டாக உடைவது நன்றாகத் தெரியும். சாலை வெறிச்சோடியிருக்கும் இடமாகப் பாருங்கள், பின்னால் லாரி வருகிறதா என்று பார்க்க ஒரு ஆளையும் நிறுத்துங்கள். வீடியோ என்றால் இங்கே ஷட்டரை 1/50-இல் வைக்காமல் கொஞ்சம் வேகமாக வையுங்கள், நெளிவு எடுப்பாக வரும்.